வேலை இடைவெளி: நேர்காணலுக்குப் பிந்தைய மின்னஞ்சலில் மௌனமா, முழுக் கதையா, நாலு வரியா?

"நடுவில் இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "குடும்பச் சூழ்நிலை" என்று மழுப்பிவிட்டு வந்தாயிற்று. இனி அனுப்பப்போகும் நன்றி மின்னஞ்சலில் அதைத் தொடலாமா, வேண்டாமா?

ஒரு மென்பொருள் சோதனையாளரை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடம் செலினியம் என்ற கருவியில் தானியங்கிச் சோதனைகள் எழுதியவர். அம்மாவைக் கவனிக்க 26 மாதம் வேலையை விட்டிருந்தார். இப்போது நேர்காணலுக்குப் போன இடத்தில் அதே வேலைக்கு பிளேரைட் என்ற வேறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.

மௌனம் பாதுகாப்பானது போலத் தெரியும். நேரில் தெளிவாகப் பதில் சொல்லியிருந்தால் அதுதான் சரியும்கூட; முடிந்த விஷயத்தைத் திரும்பக் கிளறினால் இவருக்கே இதில் உறுத்தல் போல என்று தோன்றும். ஆனால் மழுப்பிய பதிலை மௌனம் காப்பாற்றாது. "இடைவெளி, தெளிவில்லை" என்று எழுதிய குறிப்பு அப்படியே அடுத்த சுற்றுக்குப் போகும்.

முழுக் கதை அதைவிட மோசம். நோயின் பெயர், மருத்துவமனை நாட்கள், பட்ட பாடு எல்லாம் ஒரு பக்கத்துக்கு. படிப்பவர் இரங்குவார், ஆனால் அவர் தேடிய பதில் அதில் இருக்காது. அந்த மின்னஞ்சல் மனிதவளப் பிரிவு, அணித் தலைவர் என்று கை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான் நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தவன். இடைவெளியின் காரணத்தைத் தெரிந்துகொள்ளவா கேட்கிறோம்? கை மறந்திருக்குமா, மறுபடி பாதியில் போய்விடுவாரா, இந்த இரண்டுதான் உள்ளே ஓடும். அதனால் என் ஓட்டு நாலு வரிக்கே:

"இடைவெளி பற்றிக் கேட்டீர்கள், நான் சரியாகச் சொல்லவில்லை. அம்மாவைக் கவனித்துக்கொள்ள 26 மாதம் வேலையிலிருந்து விலகியிருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பை அண்ணன் ஏற்றிருக்கிறார், முழுநேரம் வர முடியும். கடந்த நான்கு மாதமாகப் பிளேரைட் பழகி, ஒரு மாதிரிக் கடைத் தளத்துக்கு 30 சோதனைகள் எழுதியிருக்கிறேன், இணைப்பு கீழே."

காரணத்துக்கு ஒரே வரி. மிச்சமெல்லாம் அந்த இரண்டு சந்தேகத்துக்கு.

இதுவும் சொதப்பும் இடங்கள் உண்டு. நான்கு மாதப் பயிற்சி என்று எழுதிவிட்டு, இணைப்பைத் திறந்தால் நிரலைச் சேமித்த பதிவுகளான கமிட் எல்லாம் நேற்றைய தேதியில் இருந்தால் நம்பிக்கை போய்விடும். அப்படியானால் "இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன்" என்றே எழுதலாம், தப்பில்லை. மாதக் கணக்கு பழைய வேலையின் விடுவிப்புக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும்; பின்னணிச் சரிபார்ப்பில் பார்ப்பது அதைத்தான். பொறுப்பு இன்னும் தீரவில்லை என்றால் தீர்ந்ததாக எழுதக் கூடாது, எந்த நேரங்களில் வேலை செய்ய முடியும் என்று சொன்னால் போதும்.

அனுப்புவது அன்று மாலை, அல்லது மறுநாள் காலை. குழு கூடி முடிவெடுத்த பிறகு வந்தால் நாலு வரியும் மௌனமும் ஒன்றுதான்.