200 மி.மீ. பிரதானக் குழாய்: டிஐ, எச்டிபிஇ, பிவிசி

பம்பிலிருந்து 40 மீட்டர் உயரத் தொட்டிக்கு 200 மி.மீ. குழாய் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் சுமார் 4 பார், மூன்றுமே தாங்கும். சோதனை வருவது மின்சாரம் போய் பம்பு சட்டென நிற்கும்போதுதான்.

செலவு: பிவிசி மலிவு, டிஐ (வார்ப்பிரும்பு வகை) பொதுவாக அதிகம். எச்டிபிஇ என்ற நெகிழும் பிளாஸ்டிக் குழாயின் விலையில் ஒரு சூட்சுமம்: 200 என்பது அதன் வெளிவிட்டம். 10 பார் தாங்கும் பிஇ100 ரகக் குழாயில் உள்விட்டம் சுமார் 176தான். டிஐ அளவுக்குத் தண்ணீர் போக 225 வாங்க வேண்டும். அதன் விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அழுத்தம்: டிஐ விறைப்பானது, பம்பு சட்டென நின்றால் தண்ணீரில் அதிர்வலை பெரிதாக எழும், ஆனால் தாங்கும் இருப்பும் அதிகம். எச்டிபிஇ நெகிழ்ந்து அலையைத் தணிக்கும். பிவிசியில் அலை சிறிதுதான். ஆனால் தினமும் பலமுறை வந்தால் குழாய் களைத்துப்போய் நீளவாக்கில் பிளக்கும்.

உழைப்பு: உப்பு மண்ணில் டிஐக்குப் பாலித்தீன் உறை கட்டாயம். எச்டிபிஇ துருப்பிடிக்காது, சூடாக்கி ஒட்டும் இணைப்பில் தூசியோ ஈரமோ பட்டால் அங்கேதான் விடும். பிவிசியை வெயிலில் குவித்து வைக்கக் கூடாது.

லாரி ஓடும் சாலைக்கடியில் டிஐ. உப்பு மண், இறங்கும் மண் என்றால் எச்டிபிஇ. தொட்டியிலிருந்து தெருக்களுக்கு இறங்கும் கிளைகளுக்குப் பிவிசி போதும்.