இரண்டு ஸ்டாண்ட்பை எல்சி வரைவுகள்: எதை வைத்துப் பணம் வாங்க முடியும்?

திருப்பூரிலிருந்து நியூயார்க் வாங்குபவருக்கு ஓபன் அக்கவுண்டில், அதாவது சரக்கு முதலில், பணம் பிறகு என்ற முறையில், பனியன் போகிறது. கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணமான பி.எல். தேதியிலிருந்து 60 நாளில் பணம் வர வேண்டும். வராவிட்டால் கைகொடுக்க, வாங்குபவரின் வங்கி தரும் உத்தரவாதமாக ஒரு ஸ்டாண்ட்பை எல்சி. வாங்குபவரின் வங்கி அனுப்பிய வரைவு ஒன்று, நாம் திருத்திக் கேட்கும் வரைவு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தொகை இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது பணம் கேட்கும் நிபந்தனை. வங்கியின் வரைவு, 'சரக்கு திருப்திகரமாக வந்து சேர்ந்தது என்று வாங்குபவர் கையெழுத்திட்ட இன்வாய்ஸ்' கேட்கிறது. பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறவர் அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுத் தருவாரா? சாவியை எதிராளியிடமே கொடுத்துவிட்ட பூட்டு அது. அதோடு ஒரிஜினல் பி.எல்.லும் கேட்கிறது. ஓபன் அக்கவுண்டில் ஒரிஜினல் எப்போதோ வாங்குபவர் கைக்குப் போய்விட்டது. திருத்திய வரைவில் இரண்டே காகிதம்: இன்வாய்ஸ் நகல் ஒன்று, 'இந்த எண் இன்வாய்ஸுக்கான இத்தனை டாலர், கெடு தாண்டியும் வரவில்லை' என்று விற்பவரே கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று. நம் கையால் தயாரிக்க முடியாத காகிதம் எதுவும் நிபந்தனையில் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அந்த அறிக்கையின் வாசகத்துக்குப் பக்கத்தில் 'அச்சு அசலாக இதே வாசகம்' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டாண்ட்பை எல்சிகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐஎஸ்பி98-இன் விதி 4.09-இன்படி, மேற்கோளுக்குள் வாசகத்தைக் கொடுத்து அந்தச் சொல்லையும் சேர்த்திருந்தால், வரைவில் உள்ள எழுத்துப்பிழையையும் அப்படியே திருப்பி அடிக்க வேண்டும். நம் டைப்பிஸ்ட் நல்லெண்ணத்தோடு பிழையைத் திருத்திவிட்டால் அதுவே முரண்பாடாகிவிடும். அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது காலாவதி. இதைக் காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கடைசி பி.எல். 2025 செப்டம்பர் 30 என்றால், 60-வது நாள் நவம்பர் 29, சனிக்கிழமை. வங்கியின் வரைவு நவம்பர் 30-இல் முடிகிறது. அன்று ஞாயிறு, ஆகவே மறுநாள் திங்கள்வரை கெடு நீளும். கெடு தாண்டியது என்று ஞாயிறன்றுதான் எழுத முடியும். திங்களன்று நியூயார்க் கவுன்டர் மூடுவதற்குள் காகிதம் அங்கே இருக்க வேண்டும். கூரியர் போய்ச் சேராது. இதில் சிலர், 'நோட்டீஸ் கொடுத்து 10 நாள் கழித்தே கேட்கலாம்' என்று ஒரு வரியையும் செருகுவார்கள். அப்படியானால் பணம் கேட்கும் உரிமை பிறப்பதற்கு முன்பே எல்சி செத்துவிடும். திருத்திய வரைவில் காலாவதி டிசம்பர் 31. கடைசிக் கெடுவுக்கு மேல் ஒரு மாதமாவது இருக்கட்டும்.

தேதியைவிட ஏமாற்றுவது இடம்தான். 'நியூயார்க்கில் காலாவதி' என்றால், டிசம்பர் 31-ஆம் தேதி திருப்பூர் வங்கியில் காகிதத்தைக் கொடுத்துச் சீல் வாங்கியதற்கு மதிப்பில்லை. நம் ஊர் வங்கி வெறும் அட்வைசிங் வங்கியாக இருந்தால் அது தபால்காரர் மாதிரிதான். அதையே, காகிதத்தை வாங்கிக்கொள்ள எல்சியிலேயே பெயர் குறித்த நாமினேட்டட் வங்கியாகப் போட்டு, காகிதம் தாக்கல் செய்யும் இடம் திருப்பூர் என்று எழுதினால், அன்று இங்கே கொடுத்தாலே நேரத்தோடு கொடுத்ததாகும். தானும் பணம் தருவதாக உறுதி சொல்லி கன்ஃபர்ம் செய்யாத வரை நம் வங்கி தன் பணத்தைத் தரக் கடமைப்பட்டதல்ல. ஆனால் கெடு காப்பாற்றப்படும்.

இதற்கு வாங்குபவரின் வங்கி இணங்கவில்லையா? நடுவழி ஒன்று உண்டு. இடம் நியூயார்க்காகவே இருக்கட்டும்; பயனாளியின் வங்கி ஸ்விஃப்ட் செய்தியில் அறிக்கையையும் கோரிக்கையையும் அனுப்பலாம், காகித ஒரிஜினல் தேவையில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது இன்வாய்ஸ் நகல் நிபந்தனையையும் எடுத்துவிட வேண்டும். இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் அறிக்கையிலேயே இருந்தால் போதும். கூரியர் கவலை இதோடு போகும். கட்டணமும் கன்ஃபர்மேஷன் அளவுக்கு வராது.

கடைசியாக, கீழே எந்த விதி எழுதியிருக்கிறது என்பது. வங்கியின் வரைவில், எல்சிகளுக்கான பொதுவான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600. அதன் 36-வது பிரிவின்படி, வெள்ளத்தாலோ கலவரத்தாலோ வங்கி மூடியிருக்கும்போது எல்சி காலாவதியானால், திறந்த பிறகு பணம் தர வேண்டியதில்லை. ஐஎஸ்பி98 விதி 3.14, கடைசி நாளில் தாக்கல் செய்யும் இடம் எந்தக் காரணத்தால் மூடியிருந்தாலும், திறந்த நாளிலிருந்து 30 நாள் தருகிறது. அதனால் நான் ஐஎஸ்பி98-ஐத்தான் கேட்பேன். ஆனால் பேரத்தில் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், விதியை விடுவேன். வாங்குபவர் கையெழுத்து கேட்கும் அந்த வரியை நீக்காமல் சம்மதிக்க மாட்டேன்.