மூன்று ஆண்டு என்று எழுதிய 20 ரூபாய் முத்திரைத்தாள்

கடலூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் என் முட்டாள்தனத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போனபோது உரிமையாளர் வழக்கம்போல் 11 மாத ஒப்பந்தத்தை நீட்டினார். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்ததால் மூன்று ஆண்டு வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்து சம்மதித்தார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் மூன்று ஆண்டு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அதை நம்பி முப்பதாயிரம் செலவழித்துச் சமையலறையில் அலமாரி வைத்தேன்.

பதினான்காம் மாதம் மகனுக்கு வீடு வேண்டுமென்று காலி செய்யச் சொன்னார். வழக்கறிஞரிடம் தாளைக் காட்டினேன். அவர் முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. "பதிவு செய்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், மூன்று ஆண்டு தங்கும் உரிமைக்கு அந்தத் தாளைச் சான்றாகக் காட்ட முடியாது. 11 மாதம் எங்கும் பரவியதே இந்தப் பதிவையும் அதற்கான கட்டணத்தையும் தவிர்க்கத்தான். பலர் அதைச் சட்டம் விதித்த கெடு என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமோ, 11 மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. ஆக, தப்பிப்பது சார்பதிவாளர் அலுவலகத்தை மட்டும்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் பார்த்த அடுத்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "மூன்று வருடம் எழுதிக் கொடுத்தால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்கிறார்களே தம்பி?" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் பயம் இது. "ஐயா, நான் வாடகைக்காரன், வீடு உங்களுடையது என்று நானே கையெழுத்திட்டுப் பதிவு செய்கிறேன். என்றைக்கு வெளியேற வேண்டும் என்பதும் அதில் இருக்கும். உங்களுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, செலவு எவ்வளவு என்று கேட்டார். அப்போதே பாதி சம்மதம் என்று புரிந்துகொண்டேன்.

வாடகை 9,000, ஆண்டுக்கு 500 உயர்வு, மூன்று மாத முன்பணம். மூன்று ஆண்டு வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகையில் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். இரண்டும் சேர்ந்து ஏழாயிரம் ரூபாய் அளவில் வந்தது. ஆளுக்குப் பாதி. நான் இடையில் போக நேர்ந்தால் இரண்டு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று அவர் கேட்டார், நியாயம்தான், எழுதினோம்.

முன்பணம் கொடுக்கும் முன்பே, பதிவுக்கு எந்த நாளில் வருவார் என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். மஞ்சக்குப்பத்துக்காரரிடம் நான் கேட்கவில்லை. அலமாரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.