வெந்துபோன வெள்ளை: மாதிரி அனுப்புவதா, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எனக்குச் சின்னக் கடை. பழைய படங்களைச் சரிசெய்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தருவதுதான் பிழைப்பு. தைப்பூசம் முடிந்த இரண்டு வாரத்துக்கு ஒரே மாதிரி வேலையாக வரும்: காவடி எடுத்த மகன், பால்குடம் தூக்கிய அம்மா, கூட்டத்தில் பாதி மறைந்த அண்ணன். ஜனவரி பிப்ரவரியில் எங்கள் ஊரில் கோடை. பதினொரு மணிக்கெல்லாம் வெயில் நேராகத் தலையில் இறங்கும். முகம் நிழலில் கிடக்கும், தோளும் தலையும் வெளிச்சம் மிஞ்சி, பளீரென்று வெறும் வெள்ளையாக வெந்துபோயிருக்கும்.

"அந்த வெந்த இடத்தைக் கொஞ்சம் சரிபண்ணித் தா, தம்பி" என்று கேட்பார்கள். அங்கே சரிபண்ண எதுவுமே பதிவாகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? நான் நான்கு வழியும் பார்த்துவிட்டேன். இரண்டைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம்.

வாயால் சொல்வது முதலாவது. "வெயிலில் விவரம் போயிடுச்சு அக்கா" என்றால் தலையாட்டுவார்கள். மனதுக்குள், இவனுக்குத் தெரியவில்லை, வேறு கடைக்குப் போகலாம் என்று நினைப்பார்கள். இரண்டாவது, பில்லில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவது. சண்டை வந்தால் நமக்கு அது துணை, ஆனால் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை.

மீதி இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. ஒன்று, முடிந்த அளவு வேலை செய்து மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இவ்வளவுதான் வருது, பாருங்க" என்பது. இன்னொன்று, வேலையைத் தொடுவதற்கு முன்பே ஆளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, மூலக் கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று காட்டுவது. மூன்று வருஷம் மாதிரி அனுப்பிக்கொண்டிருந்த ஆள் நான். இப்போது முழுக்க உட்காரவைத்துக் காட்டுவதற்கு மாறிவிட்டேன். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

மாதிரிக்கு உள்ள நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கடைக்கு வர வேண்டியதில்லை, வேலை முடிந்து வருகிறவர்கள் இரவு பத்து மணிக்கு வீட்டில் இருந்தே பார்ப்பார்கள். கறை, கீறல், மங்கல் மாதிரியான வேலைக்கு அது போதும். அங்கே மாதிரி பெரும்பாலும் நன்றாகவே வரும், பேச்சே இருக்காது.

வெந்த வெள்ளைக்கு அது சரிப்படாது. மாதிரியில் அந்த இடம் சாம்பல் பூசிய சுவர் மாதிரி இருக்கும். பார்ப்பவருக்கு அது "இல்லாத விவரம்" என்று தெரியாது, "சரியாகச் செய்யாத வேலை" என்றுதான் தெரியும். உடனே பதில் வரும்: "நல்லா வந்திருக்கு தம்பி, தோள் மட்டும் இன்னும் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் செய்து அனுப்புவோம். மறுபடி இன்னும் கொஞ்சம். ஒரு படத்துக்கு ஆறு மாதிரி அனுப்பி, கடைசியில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த கதை எனக்கு உண்டு. மாதிரி என்று ஒன்றை அனுப்பியதுமே, முடியும் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. எத்தனை தடவை வேலை திரும்பி வருகிறது என்பதுதான் எனக்குக் கணக்கு.

இந்த வருஷம் வந்த ஒரு வேலையைச் சொன்னால் விளங்கும். ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா வந்தார். அம்மா தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது, திதிக்கு 12க்கு 16 அங்குலத்தில் படம் வேண்டும். போனில் எடுத்தது. அம்மா பால்குடத்தோடு நிற்கிறார், பக்கத்தில் மஞ்சள் வேட்டியும் தோளில் மஞ்சள் துண்டுமாக மாமா. அம்மா கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. அதில் வெள்ளை நூலாலேயே அவர் கையால் போட்ட பூ வேலை இருந்ததாம். படத்தில் தோளும் முந்தானையும் வெறும் வெள்ளை. "அந்தப் பூ தெரியணும் தம்பி, அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

உட்காரவைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: இது எந்தக் கோப்பு? அவர் கொண்டுவந்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுருங்கி வந்த பிரதி, நீளப் பக்கம் 1600 பிக்சல். 16 அங்குலத்துக்குப் பிரித்தால் அங்குலத்துக்கு நூறுதான் வரும். படம் எடுத்த அவருடைய தம்பி மகனைக் கூப்பிட்டு, படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்பச் சொன்னோம். 4000க்கு 3000 பிக்சலில் மூலப் படம் வந்தது, அங்குலத்துக்கு 250. முகம் கூர்மையாகிவிட்டது. தோள் மட்டும் அப்படியே வெள்ளை. கேமராவில் எடுத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருந்திருந்தால் வெளிச்சப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மீட்க இடம் இருந்திருக்கும். இங்கே இருந்தது போன் ஜேபெக் மட்டும். இதையெல்லாம் கேட்டு முடிக்காமல் "முடியாது" என்று சொல்லக் கூடாது.

அப்புறம் அவரைத் திரை முன் உட்காரவைத்தேன். ஃபோட்டோஷாப்பில் வெளிச்ச அளவுகளை மாற்றும் Levels திறந்து, Alt விசையைப் பிடித்துக்கொண்டு வலதுகோடி வெள்ளை முக்கோணத்தை, இடம் நகர்த்தாமல், அழுத்தினேன். படம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அம்மாவின் முகம், குடம், பின்னால் இருந்த கூட்டம், எல்லாம் மறைந்துவிட்டன. கறுப்புக்கு நடுவில் இரண்டே இடம் மினுங்கியது: அம்மாவின் தோள் சுத்த வெள்ளையாக, மாமாவின் துண்டு சிவப்பாக.

"இது என்ன தம்பி?"

"அளவு முட்டிப்போன இடம் மட்டும் தெரியுது அக்கா. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு அளவு இருக்கும். ஒவ்வொண்ணும் பூஜ்யத்தில் இருந்து 255 வரை. அம்மா தோளில் மூணுமே 255. மாமா துண்டில் சிவப்பு மட்டும்தான் முட்டியிருக்கு."

மௌஸ் நிற்கும் புள்ளியின் எண்களைக் காட்டும் Info பலகையைத் திறந்து, மௌஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தோளில் எங்கே கொண்டுபோனாலும் 255, 255, 255. முகத்துக்குக் கொண்டுபோனால் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டன. இரண்டு மூன்று தடவை அவராகவே போய்வந்து பார்த்தார்.

ஒன்று கவனிக்க வேண்டும். 255 என்று இருந்தால்தான் வெந்தது என்றில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெளிச்சம் குறைத்து, மறுபடி சேமித்த படங்களில் வெந்த இடம் 248, 251 என்று காட்டும். அப்போது Alt வித்தையில் எதுவும் மினுங்காது. எண் எவ்வளவு என்பதைவிட அது அசைகிறதா என்று பாருங்கள். உள்ளங்கை அகல இடத்தில் எங்கே போனாலும் ஒரே எண் நிற்கிறது என்றால் அங்கே எதுவும் பதிவாகவில்லை.

அடுத்து, வெளிச்சத்தை ஒரு கோட்டால் ஏற்றி இறக்கும் Curves. கோட்டின் வலது மேல் முனையைப் பிடித்து நேராகக் கீழே இழுத்தேன், 220 வரை. வெள்ளைத் தோள் சாம்பலாக மாறியது. பூவும் இல்லை, மடிப்பும் இல்லை, ஒரே சாம்பல். வெள்ளை மேல் வெள்ளை நூல் என்றால், நூல் மேடு விழுத்தும் மெல்லிய நிழல்தான் பூவைக் காட்டும். நிழலுக்கு 240, நூலுக்கு 250 என்று ஏதாவது வித்தியாசம் விழுந்திருக்க வேண்டும். போன் நிழலில் கிடந்த முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டியதில் இரண்டுமே 255இல் போய் முட்டிவிட்டன. "எல்லாரையும் ஒரே உயரமா வெட்டிட்ட மாதிரி" என்றார் அக்கா. அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

மாமா துண்டைக் காட்டியதுதான் அன்றைக்கு என் சொல்லுக்கு மதிப்புத் தந்தது என்று நினைக்கிறேன். மஞ்சளும் காவியும் இப்படித்தான்: சிவப்புதான் முதலில் முட்டும், பச்சை அதற்குக் கீழேயே நிற்கும். பச்சை அளவு மட்டும் இருக்கும் பச்சைச் சேனலைத் தனியாகக் காட்டினேன். துண்டின் மடிப்பு கறுப்பு வெள்ளையில் தெளிவாக இருந்தது. Channel Mixer வைத்து, அந்த இடத்துக்கு மட்டும், பச்சையில் இருந்து கொஞ்சத்தைச் சிவப்புக்குள் கலந்தால் மடிப்பு திரும்பிவிடும். நிறம் சற்று மங்கும், அதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். ஐந்து நிமிஷத்தில் அவர் கண்ணெதிரே செய்தேன். ஒரே படத்தில், ஒரே வெயிலில், மாமா துண்டு வருகிறது, அம்மா சேலை வரவில்லை. இவனுக்குத் தெரியவில்லை என்ற நினைப்புக்கு இடமே இல்லாமல் போனது. வாட்ஸ்அப் மாதிரியில் இது நடக்காது. அங்கே முடிவு மட்டும்தான் போகும், காரணம் போகாது.

அதன் பிறகு என்ன செய்யலாம் என்று பேசினோம். அதே சேலை நன்றாக விழுந்த வேறு படம் இருந்தால் பூவை அங்கிருந்து எடுத்துப் பொருத்தலாம். தீபாவளிக்கு வீட்டுக்குள் எடுத்தது ஒன்று இருந்தது, பூவும் தெரிந்தது. ஆனால் அதில் சேலை வேறு மாதிரி மடிந்திருந்தது. பொருத்தினால் பூ அதே பூதான், விழுந்திருக்கும் இடம் மட்டும் என் கைவேலை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும், தீபாவளிப் படத்தைத் தனியாகச் சின்னதாகப் போட்டுக் கொடு என்றார். தோளை 245க்கு இறக்கி ஒரு துளி வெம்மை மட்டும் சேர்த்தேன். 255ஆகவே விட்டால் அச்சில் அந்த இடத்தில் மை விழாது. வெறும் தாள் ஓட்டை மாதிரி மினுக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இன்னும் மோசம். வேலை ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை.

உட்காரவைப்பதில் செலவும் இருக்கிறது. ஆளுக்கு இருபது நிமிஷம் போகும், அதற்குக் காசு வாங்க எனக்கு மனசு வருவதில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் முடியவே முடியாது. கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்கு எண்கள் தெரியாது. அவர்களுக்கு Curves சாம்பலை மட்டும் காட்டுகிறேன், பெரும்பாலும் போதுமாக இருக்கிறது.

நெகடிவ் இருக்கும் பழைய வேலைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அச்சில் வெளுத்துத் தெரிவது நெகடிவில் இருக்கக்கூடும் என்பதால், அப்படி வந்தால் முதலில் நெகடிவைத் தேடிக் கொண்டுவரச் சொல்கிறேன், அதற்கு மேல் பேசுவதில்லை.

கடைக்கு வர முடியாதவர்களுக்கு இதையே திரையில் வீடியோ பிடித்து அனுப்பிப் பார்க்கிறேன். இதுவரை மூன்று பேருக்குத்தான் அனுப்பியிருக்கிறேன், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாமவர், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கும் ஒரு மாமா, வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு போன் செய்தார். "எல்லாம் புரிஞ்சது தம்பி. அந்தக் கோட்டை நீ கீழேதான இழுத்தே? மேலே இழுத்துப் பார்த்தியா?"

அவரைக் கடைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.