எடை போடாமலே "10.47 டன்" என்று பில் வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்

கோத்தகிரி பக்கம் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். எம்-சாண்ட், ஜல்லி எல்லாமே மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறித்தான் வருகிறது. சப்ளையர் யூனிட் கணக்கில் தர மாட்டேன், டன் கணக்கில்தான் விற்பேன் என்றார், இங்கே கொண்டு வந்து இறக்க டன்னுக்கு 1,500 ரூபாய். எடைக்கு எடை காசு, இதில் என்ன ஏமாற்றம் வந்துவிடப் போகிறது என்று நானும் தலையாட்டினேன்.

முதல் லோடு வந்தது. எடைச்சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, "வே பிரிட்ஜ்ல க்யூ நின்னா அரை நாள் போயிருங்க சார், அடி அளந்து டென்சிட்டி போட்டு டன் எடுத்துருவோம், எல்லாரும் அப்படித்தானுங்க" என்றார். லாரியின் உள் அளவு நீளம் 11½ அடி, அகலம் 7, உயரம் 2½. என் கண் முன்னாலேயே டேப் பிடித்தார்கள், 200 கன அடிக்குக் கொஞ்சம் கூடவே வந்தது, 200 என்று வைத்துக்கொண்டோம், அதாவது இரண்டு யூனிட். ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி, ஆக 5.66 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மணல் 1.85 டன் என்று வைத்து அதை 1.85-ஆல் பெருக்கி 10.47 டன். கால்குலேட்டரை என்னிடமே நீட்டினார். பெருக்கலில் தப்பே இல்லை. அந்த 1.85 எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை.

இரண்டாவது லோடு வந்த அன்று ராத்திரி இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. அதிலும் 10.47. இதிலும் 10.47. தராசில் ஏறிய இரண்டு லாரி மண் பத்து கிலோ கூட வித்தியாசம் இல்லாமல் வருமா? தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் இருந்ததால் நிறுத்த எடை மாதிரி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஒரு பெயின்ட் வாளியையும் வீட்டுத் தராசையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாளியில் 20 லிட்டர் என்று போட்டிருப்பதை நம்பக் கூடாது, அது விளிம்பு வரைக்குமான அளவு இல்லை. காலி வாளியை நிறுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுத்தேன், தண்ணீர் 21 கிலோ வந்தது, எனவே வாளி 21 லிட்டர். அப்புறம் வாளியை நன்றாகத் துடைத்துவிட்டு, குவியலின் உள்ளிருந்து எடுத்த மணலை வாளி விளிம்புக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாத உயரத்திலிருந்து கரண்டியால் மெதுவாகப் போட்டு, நிறைந்ததும் ஒரு நேர்ச்சட்டத்தால் வழித்துவிட்டு நிறுத்தேன். தட்டவோ குலுக்கவோ கூடாது. இந்தியத் தரநிலையான IS 2386 மூன்றாம் பாகத்தில் தளர்வான பல்க் டென்சிட்டிக்குச் சொல்லியிருக்கும் முறை கிட்டத்தட்ட இதுதான். மணல் மட்டும் 30.5 கிலோ. 21-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 1.45 கிலோ, அதாவது கன மீட்டருக்கு 1.45 டன்.

சரி, அவர் இறுகிய மணலின் கணக்கைச் சொல்லியிருப்பாரோ என்று அதையும் பார்த்தேன். மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 தடவை குத்தினேன். அப்போதும் 35.3 கிலோதான், 1.68. என்ன செய்தாலும் 1.85 வரவில்லை.

போன் போட்டேன். "சார், மழைக்காலம், ஈர மணலுங்க, கனமாத்தான் இருக்கும்" என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா, மேஸ்திரி கூட ஆமாம் என்றார். ஆனால் நடப்பது நேர்மாறு. லேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு மணியையும் சுற்றி நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு மணிகளை விலக்கி வைக்கும், மணல் உப்பிக்கொள்ளும், அதே வாளியில் குறைவான மணல்தான் பிடிக்கும். அதே மணலை வாணலியில் வறுத்து ஆறவைத்து அதே மாதிரி வாளியில் போட்டேன் (வீட்டம்மா பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்), 33.6 கிலோ வந்தது. காய்ந்த மணல் 1.60, ஈர மணல் 1.45! முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய மணல் என்றால் உப்பல் அடங்கிக் கனமாகும், உண்மைதான், ஆனால் லாரியில் அப்படி ஒன்றும் வருவதில்லை.

என் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் குலுங்கி ஏறிவரும் லாரியில் மணல் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அதனால் என் 1.45-ஐ அப்படியே லாரிக்குப் போட்டால் நான் அவரை ஏமாற்றியதாகிவிடும். உண்மை எண் 1.45-க்கும் 1.68-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். வாளியால் சண்டைதான் போடலாம், பில் போட முடியாது.

அதனால் மூன்றாவது லோடுக்கு நானே மேட்டுப்பாளையம் இறங்கினேன். காலி லாரியை என் கண் முன்னால் எடை மேடையில் ஏற்றி, அப்புறம் லோடு ஏற்றி அதே மேடையில் மறுபடி ஏற்றினோம். ஆர்.சி. புக்கில் இருக்கும் காலி எடையைக் கழித்துக்கொள்ளலாம் என்று டிரைவர் சொன்னார், ஒத்துக்கொள்ளவில்லை. டீசல், ஸ்டெப்னி, பின்னால் வைத்துக் கட்டிய இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் வண்டி அந்தக் கணக்கைவிடக் கூடத்தான் இருக்கும், கூடுவதெல்லாம் மணல் விலையில் நம் தலையில் விழும். நிகர எடை 8.70 டன் வந்தது. மேலே வந்து அதே லாரியில் மணலைச் சமப்படுத்தி அளந்தோம், அதே 200 கன அடி. 8.70-ஐ 5.66-ஆல் வகுத்தால் 1.54.

10.47-இல் 8.70 போனால் 1.77 டன், ஒரு லோடுக்கு 2,655 ரூபாய். இரண்டு லோடுக்கு 5,310 ரூபாய் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் லோடு அன்றைக்கே "அந்த 1.85-ஐ எங்கே, எப்படி அளந்தீங்க" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நேர்மையாக எடை போட்டாலும் நமக்கு உறைக்கும் ஒரு இடம் இருக்கிறது, தண்ணீர். ஒரு கிலோ ஈர மணலை வறுத்தபோது 930 கிராம்தான் மிஞ்சியது. அந்தக் கணக்கில் 8.70 டன்னில் 600 கிலோவுக்கு மேல் தண்ணீர், 900 ரூபாய் சொச்சம். கழுவிய எம்-சாண்ட் முழுக்கக் காய்ந்து வராது, அதில் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் கழுவிய சூட்டோடு சொட்டச் சொட்ட ஏற்றாமல் ஒரு ராத்திரி வடியவிட்டு ஏற்றச் சொல்லலாம், எடையைக் கீழேயே போட்டுவிட்டுத் தார்ப்பாய் கட்டச் சொல்லலாம். மேலே வந்து போட்டால் வழியில் பெய்த மழைக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

20 மி.மீ. ஜல்லிக்கும் அதே 1.85 போட வந்தார். ஜல்லி மணல் மாதிரி ஈரத்தில் உப்பாது, வாளியில் 1.48 வந்தது. வாளிக் கணக்கைக் காட்டியதும் அதையும் எடை மேடைக்கே அனுப்பிவிட்டார்.

முதல் இரண்டு லோடுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசி 1,500 ரூபாய் கழித்துக்கொண்டார், மீதி போனது போனதுதான். அதற்கப்புறம் வந்த இரண்டு மணல் லோடுக்கும் சீட்டு வந்தது: 8.94, 8.52.