இரண்டு அரங்கு, ஒரு நாள்: ஒரே கடிகாரமா, தொகுப்பா?

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல்பாசி, மீன்பிடி பற்றி ஒருநாள் கருத்தரங்கு என்று வைத்துக்கொள்வோம். அரங்கு இரண்டு, நடுவில் ஒரு முற்றம். நேரம் பிரிக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, இரண்டு அரங்கையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டுவது. பேச்சு 15 நிமிடம், கேள்வி 5, அரங்கு மாற 5. நூறு நிமிட அமர்வில் அரங்குக்கு நான்கு பேர். மற்றது தொகுப்பு முறை. ஐந்து பேர் வரிசையாகப் பேசி முடிப்பார்கள், கடைசி 25 நிமிடம் எல்லோருக்கும் சேர்த்துக் கேள்வி. மூன்று அமர்வுக்கு முதலாவதில் 24 பேச்சு, இரண்டாவதில் 30. ஆறு பேரைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்பதால், பேச வாய்ப்புக் கேட்டு நச்சரிப்பவர்களைச் சமாளிக்க முடியாத அமைப்பாளர் தொகுப்பைத்தான் பிடித்துக்கொள்வார்.

ஆனால் கேட்க வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். பாம்பன் பக்கமிருந்து பாசி எடுக்கும் பெண்கள் வந்தால், மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது பற்றிய பேச்சு ஓர் அரங்கிலும், காய்ந்த பாசிக்கு விலை பேசுவது இன்னொன்றிலும் இருக்கும். இரண்டையும் கேட்க அவர்களுக்கு அரங்கு மாறும் அந்த 5 நிமிடம் வேண்டும். தொகுப்பில் அது இல்லை. பாதிப் பேச்சில் எழுந்துதான் போகவேண்டும்.

ஒரே கடிகாரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு: பேச்சாளர் வராதபோது. 11:30 அமர்வில் 11:55-க்குப் பேச வேண்டியவர் ரயில் தாமதத்தில் மாட்டிக்கொண்டார் என்றால், அமர்வுத் தலைவர் உடனே, “சரி, அடுத்தவர் வாங்க” என்பார். 12:20-க்குப் பேச வேண்டியவர் 12:15-க்கே முடித்துவிடுவார். அவரைக் கேட்க முற்றத்தைத் தாண்டி 12:20-க்குச் சரியாக வந்தவர்கள் கேட்பது அவருக்கும் அடுத்தவரை. அதனால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, முதல் பேச்சின் கேள்விகளை நீட்ட வேண்டும். இதைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் நடக்காது. தொகுப்பில் இந்தத் தொல்லை கிடையாது. ஆள் வராவிட்டால் அடுத்தவர் பேசலாம், மிஞ்சியது கேள்விக்குப் போகும்.

டீ விஷயத்தில் ஒரே கடிகாரம் நெருக்கடி தரும். 120 பேர் ஒன்றாக வந்து, ஒருவருக்கு 10 விநாடி ஆனால், ஒரு மேசைக்கு முன்னால் 20 நிமிடம், இடைவேளையே அவ்வளவுதான். தொகுப்பில் ஓர் அரங்கைக் கால்மணி நேரம் தாமதித்து விடலாம். ஆனால் அப்போது இந்த அரங்குக்காரர் அந்த அரங்குக்காரரைப் பார்க்கவே மாட்டார், கருத்தரங்குக்கு வந்ததில் பாதிப் பயன் போச்சு. இரண்டாவது மேசை போடுவது சுலபம்.

என் தேர்வு: காலை இரண்டு அமர்வும் ஒரே கடிகாரம், பிற்பகல் அரங்குக்கு ஒரே தலைப்பில் தொகுப்பு. மொத்தம் 26 பேச்சு. காலையில் யாரை எங்கே போடுவது என்பதற்கு, பதிவுப் படிவத்தில் விருப்பமான இரண்டு பேச்சைக் குறிக்கச் சொல்லுங்கள். பலர் சேர்த்துக் குறித்த இரண்டை ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

நாள் வெள்ளிக்கிழமையானால் ஜும்மாவுக்காக 12:20-க்கே அமர்வை நிறுத்த வேண்டும். ஒரே கடிகாரத்தில் இது எளிது: 11:30 அமர்வில் இரண்டு பேச்சோடு முடித்து, மீதி இரண்டை 2 மணிக்கு வைக்கலாம். 2:10-க்குத் தொடங்க வேண்டிய பிற்பகல் அமர்வு 40 நிமிடம் தள்ளிப்போகும், அதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.