4ஜி போன்தானே, அப்புறம் ஏன் டவரே வரல? சிட்னில 3ஜி போனப்புறம் நாங்க அலசுன ஆப்ஷன்ஸ்

எங்க வீட்டுல ரெண்டு போன் போச்சு. அப்பாவோடது பழைய 3ஜி பட்டன் போன், அது போகும்னு தெரிஞ்சதுதான், ஆஸ்திரேலியால வோடஃபோன் முன்னாடியே 3ஜிய நிறுத்திட்டாங்க, டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28-லேர்ந்து மூட ஆரம்பிச்சாங்க, 2ஜி 2018-லயே முடிஞ்சிடுச்சு, அதனால அந்தப் போனுக்குப் பேச ஆளே இல்ல. ஆனா அம்மாவோடது சென்னைல வாங்குன ஆண்ட்ராய்டு, பெட்டிலயே பெருசா 4ஜின்னு போட்டிருக்கு, நெட்டும் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. அதுவும் நவம்பர்ல ஒரு நாள் சுத்தமா நின்னுச்சு. கடைல போய் கேட்டா "போன் சப்போர்ட் இல்ல, புதுசு வாங்கிக்கோங்க"ன்னு ஒத்த வரில முடிச்சுட்டாங்க. ஏன்னு சொல்லவே இல்ல.

ஏன்னு நான் சொல்றேன், இது புரியாம வாங்குனா மறுபடியும் இதே கதைதான். 4ஜி போன்னா நெட் 4ஜில வரும், அவ்ளோதான். கால் 4ஜி வழியா போகணும்னா வோல்டீ வேணும், அது இல்லாத போன் கால் பண்ற நேரம் மட்டும் சத்தமில்லாம 3ஜிக்கு இறங்கிப் பேசிட்டு திரும்ப மேல வந்துடும். 3ஜி இருந்த வரைக்கும் நாம யாரும் இத கவனிக்கல. இதுக்கு மேல ஒரு படி இருக்கு: வோல்டீ இருந்தும் சில போன்கள் அவசர நம்பரான 000-வ மட்டும் 3ஜி வழியாத்தான் கூப்பிடும், ஏன்னா தயாரிக்கும்போதே சாஃப்ட்வேர்ல அப்படி எழுதி வச்சிருக்காங்க. இந்த ஊர் அரசாங்கம் போட்ட விதிப்படி 000-க்கு கால் போகாத போனுக்கு நெட்வொர்க்கே கொடுக்கக் கூடாது. அதனால கம்பெனிங்க ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற ஐஎம்இஐங்கிற அடையாள நம்பர வச்சு அந்த போன்களுக்கு சர்வீஸயே நிறுத்துறாங்க. அம்மா போன் நெட்டும் சேர்ந்து போனது இதனாலதான், சிம்ம மாத்துனாலும் வேற கம்பெனிக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாது. வீட்டு வைஃபைல வாட்ஸ்அப் மட்டும் ஓடும்.

சென்னைல அதே போன்ல வோல்டீ ஜம்முனு வேலை செஞ்சுதே, இங்க ஏன் இல்லன்னு அம்மா கேட்டாங்க, நியாயமான கேள்வி. ஒவ்வொரு கம்பெனிக்கும் வோல்டீ செட்டிங் தனி, போன் சாஃப்ட்வேர்ல அந்தக் கம்பெனிக்கான ப்ரொஃபைல் இருந்தாத்தான் வேலை செய்யும், இந்தியாவுக்குன்னு செஞ்ச போன்ல ஜியோ ஏர்டெல்லுக்கு இருக்கும், இங்க உள்ள கம்பெனிக்கு இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 3ஜி இருந்தப்பவே இத ஈசியா கண்டுபிடிச்சிருக்கலாம், யாருக்காவது கால் போட்டுட்டு மேல உள்ள ஐகானப் பாத்தா போதும், 4ஜி அப்படியே நின்னா வோல்டீ, 3ஜி இல்லன்னா எச்-னு மாறுனா இல்ல. (தயவுசெஞ்சு 000-க்கே போட்டு டெஸ்ட் பண்ணிடாதீங்க.)

சரி, ஆப்ஷன்ஸ்.

முதல்ல எல்லாருக்கும் தோணுறது ஊர்லேர்ந்து ஒரு போன் வாங்கிட்டு வரச் சொல்றது. மாமா டிசம்பர்ல வர்றதா இருந்தார், விலை கம்மி, தமிழ் கீபோர்டு எல்லாம் செட் பண்ணியே கொண்டு வந்திருப்பார். என்னைக் கேட்டா இதுதான் இருக்குறதுலயே மோசமான ஆப்ஷன். மேல சொன்ன ப்ரொஃபைல் பிரச்சனை அப்படியே இருக்கு, அதோட இங்க தூரமா போற 4ஜி சிக்னல் 700 மெகாஹெர்ட்ஸ்ல வருது, பேண்ட் 28-னு சொல்வாங்க, ஊர்ல விக்கிற சின்ன விலை பட்டன் போன் நிறையதுல அது கிடையாது. சிட்டி நடுவுல தெரியாது, சுவருக்குள்ளயும் ஊருக்கு வெளியவும்தான் தெரியும். பெரிய பிராண்டோட விலை அதிகமான மாடல்னா பெரும்பாலும் ஓடிடும், ஆனா பெரும்பாலும்னு நம்பி எழுபது வயசு ஆளுக்கு போன் வாங்க எனக்கு மனசு வரல.

அடுத்தது இங்க கிடைக்கிற 4ஜி பட்டன் போன், மடக்குற மாடலும் இருக்கு. நாங்க பாத்தது நூறு டாலர் சுத்தி. அப்பாவுக்கு இதுதான் எடுத்தோம். சத்தம் நல்லா கேக்குது, மூடுனா கால் கட் ஆகுது, அவருக்கு அது போதும். குறையும் இருக்கு: வாட்ஸ்அப் கிடையாது, தமிழ்ல மெசேஜ் வந்தா கட்டம் கட்டமா தெரியுது. ஊர் பேங்க் ஓடிபிக்காக இந்திய சிம்மும் வச்சிருக்கவங்க ரெண்டு சிம் போடலாமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, எல்லா மாடல்லயும் இருக்காது, நாங்க இதப் பாக்காம வாங்கிட்டு அப்புறம் மாத்துனோம்.

மூணாவது, இங்க கடைல விக்கிற சின்ன ஆண்ட்ராய்டு, இருநூறு டாலர் பக்கம். அம்மாவுக்கு இது. பேரப்பிள்ளைங்க வீடியோ கால் இல்லாம அவங்களால இருக்க முடியாது, அதனால பட்டன் போன் பேச்சே எடுக்க முடியல. இந்த விலைல கேமராவும் வேகமும் சுமார்தான், ஆனா இந்த நாட்டுக்குன்னு விக்கிற மாடல், ப்ரொஃபைல் பேண்ட் ரெண்டும் சரியா இருக்கும்.

நாலாவது செகண்ட் ஹேண்ட், இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அதே இருநூறு டாலருக்கு ஒரு காலத்துல எழுபதாயிரம் ரூபா வித்த போன் கிடைக்குதேன்னு ஆசை வரும். 2025 அக்டோபர்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. நம்ம நெட்வொர்க்ல டவர் இல்லன்னா 000 கால் மத்த ஏதாவது நெட்வொர்க் வழியா போகணும், ஆனா சில பழைய சாம்சங் போன்கள் வோடஃபோன் நெட்வொர்க் மட்டும் கிடைக்கிற இடத்துல இப்ப இல்லாத 3ஜியத் தேடிட்டு நிக்குதுன்னு தெரிஞ்சுது. மொத்தம் எழுபத்தோரு மாடல்னு சொன்னாங்க, அதுல அறுபது சாஃப்ட்வேர் அப்டேட்ல சரியாகும், மீதி பதினொண்ண மாத்தியே ஆகணும், கேலக்ஸி எஸ்6, எஸ்7, நோட் 5 எல்லாம் அதுல உண்டு. 3ஜி மூடி ஒரு வருஷம் கழிச்சு, அதுவரைக்கும் தினமும் நல்லா ஓடிட்டு இருந்த போன்கள் இது. அதனால செகண்ட் ஹேண்ட்னா ரொம்ப பழசு வேண்டாம், வெளிநாட்டு மாடலா இருந்தாலும் வேண்டாம், அதுக்கு இங்க உள்ள அப்டேட் வரும்னு சொல்ல முடியாது. ஐபோன்னா 5எஸ்ஸும் அதுக்கு முந்தினதும் வோல்டீ இல்லாததால கணக்குலயே இல்ல, எஸ்இ ரெண்டாம் தலைமுறை மாதிரி இன்னும் அப்டேட் வர்றதப் பாருங்க, வாங்குறப்ப செட்டிங்ஸ்ல பேட்டரி ஹெல்த் எண்பதுக்குக் கீழ இருந்தா பேட்டரி மாத்துற காசையும் விலையில சேத்துக்கோங்க. விக்கிறவர் முன்னாடியே *#06# அழுத்தி ஐஎம்இஐய வாங்கி, உங்க கம்பெனிகிட்ட கொடுத்து இந்தப் போன் ஓடுமான்னு கேட்டுட்டு அப்புறம் காசு கொடுங்க. சிம் போட்டு டவர் காட்டுதுன்னு மட்டும் நம்பாதீங்க, அந்த சாம்சங்ல எல்லாம் டவர் காட்டத்தான் செஞ்சுது.

புதுசு வாங்காம பழசையே காப்பாத்த முடியுமான்னா, ஐஎம்இஐ ப்ளாக் ஆகாத, இங்க வாங்குன போனா இருந்தா ஒரு தடவ சிஸ்டம் அப்டேட் போட்டு VoLTE சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க, சில போனுக்கு அது போதும். அம்மா போனுக்கு அப்டேட்டே வரல.

அப்பாவோட பழைய பட்டன் போன் என்னாச்சுன்னா, மாமா திரும்பிப் போறப்ப அவர் கைலயே கொடுத்து விட்டோம். ஊர்ல 2ஜி இன்னும் ஓடுதே, திண்டுக்கல்ல பெரியம்மா அதுலதான் பேசுறாங்க.